பின் டயருக்கு எவ்வளவு காற்று?

மே மாதத்தில் பள்ளி விடுமுறை தொடங்கியதும், தொடர்வண்டியில் இடம் கிடைக்காத தமிழ்க் குடும்பங்கள் சில புனேயிலிருந்து காரிலேயே மதுரைக்குப் புறப்படுகின்றன. கோலாப்பூர், பெலகாவி, பெங்களூரு, சேலம் என வழி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. உள்ளே ஐவர், டிக்கி நிறையப் பெட்டிகள். ஆயினும் டயர்களில் இருப்பதோ, அலுவலகத்திற்கு ஒருவர் தனியே சென்று வரும்போது நிரப்பிய அதே அளவு காற்று. இப்பழக்கம் தவறானது.

ஓட்டுநரின் கதவைத் திறந்தால், அதன் சட்டத்தில் ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருப்பதைக் காணலாம். பல கார்களில் அதில் இரண்டு வரிசை எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று குறைந்த சுமைக்கு உரியது. மற்றொன்று நிறைந்த சுமைக்கு உரியது. பி.எஸ்.ஐ. என்பது காற்றழுத்தத்தின் அலகு. ஒரு காரில் குறைந்த சுமைக்கு நான்கு டயர்களுக்கும் 32 என்றும், நிறைந்த சுமைக்கு முன் டயர்களுக்கு 34, பின் டயர்களுக்கு 38 என்றும் குறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். பின்பக்க எண் மிகுதியாக உயர்வதற்குக் காரணம் உண்டு. டிக்கியின் பாரம் பெரும்பாலும் பின் சக்கரங்களின்மீதே இறங்குகிறது.

காற்று குறைந்த டயர் பாரத்தால் நசுங்கி, அதன் பக்கச்சுவர் வளைகிறது. சிறிய கார் ஒன்றின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 500 முறை சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச்சுவர் வளைந்து நிமிர்வதால் ரப்பர் சூடேறுகிறது. வெப்பம் மிகுந்தால் உள்ளிருக்கும் நூலிழை அடுக்குகள் ரப்பரிலிருந்து பிரிந்து டயர் வெடிக்கும். ‘கோடையில் காற்று விரியும், ஆகவே சற்றுக் குறைவாக நிரப்ப வேண்டும்’ என்று பலர் கூறுவர். அக்கருத்து ஆபத்தானது. ஓட்டத்தில் அழுத்தம் உயரும் என்பதைக் கணக்கில் கொண்டே ஒட்டுத்தாளின் எண்கள் தரப்படுகின்றன. நைட்ரஜன் நிரப்பினாலும் இதில் மாற்றமில்லை. அதுவும் சூட்டில் விரியும் வாயுவே.

அவ்வெண்கள் குளிர்ந்த டயருக்கு உரியவை. அதாவது, வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும். நண்பகலில் கோலாப்பூர் அருகே ஒரு பெட்ரோல் பங்கில் வண்டி நிற்கிறது. பின் டயரில் அளவி 38 காட்டுகிறது. காலையில் அதில் இருந்தது 33 மட்டுமே. எஞ்சிய ஐந்தும் சூட்டினால் ஏறியவை. ‘காற்று அதிகம்’ என்று பணியாளர் அதை 32 ஆகக் குறைத்துவிடுகிறார். இரவில் டயர் குளிர்ந்தபின் அதில் ஏறத்தாழ 27தான் இருக்கும். தேவையோ 38. நல்லெண்ணத்தோடு செய்த உதவி பதினொரு அலகுக் குறையாக முடிகிறது. சூடான டயரிலிருந்து காற்றை வெளியேற்றக் கூடாது என்பது இதனால்தான்.

விலை குறைந்த கையடக்க அளவி ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. விடியற்காலையில் வீட்டு வாசலிலேயே அளந்து, பின் டயரில் 31 இருந்தால் ஏழு குறைகிறது என எழுதிக்கொள்ளலாம். பங்கை அடைவதற்குள் அது 33 ஆக உயர்ந்திருந்தாலும், அதனுடன் அந்த ஏழைச் சேர்த்து 40 வரை நிரப்புவதே சரியான கணக்கு.

டயரின் பள்ளங்களைப் பார்ப்பது திரும்பும் பயணத்தை எண்ணியே செய்ய வேண்டியது. மே மாதத்தில் காய்ந்திருந்த அதே சாலையில், ஜூன் மாதத்தில் சாத்தாரா மலைவழியில் மழை கொட்டக்கூடும். சக்கரத்தின் அடியில் சேரும் நீரைப் பள்ளங்களே வெளியேற்றுகின்றன. அவை ஆழம் குறைந்தால் டயர் நீரின்மேல் மிதந்து, பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கட்டுப்படாமல் வழுக்கும். பள்ளத்தினுள்ளே குறுக்காகச் சிறு மேடுகள் உள்ளன. அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயரின் மேற்பரப்பு அம்மேடுகளின் மட்டத்திற்குத் தேய்ந்துவிட்டால், அதனை ஓட்டுவது சட்டப்படியும் தவறு. மழைக்காலத்தில் அதுவரை காத்திருப்பதே தாமதம். 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நலம். டயரின் இரு ஓரங்கள் மட்டும் தேய்ந்திருந்தால், அது நெடுநாள் காற்றுக்குறைவோடு ஓடியது என அறியலாம்.

இவற்றையெல்லாம் செய்பவர்களும் ஸ்டெப்னியை மறந்துவிடுகிறார்கள். பல கார்களில் அது டிக்கியின் அடித்தளத்தில், பெட்டிகளுக்கெல்லாம் கீழே கிடக்கிறது. ஆகவே பெட்டிகளை ஏற்றுவதற்கு முந்தைய நாளே அதை அளந்து, பின் டயருக்குரிய நிறைசுமை அளவுக்கு நிரப்பி வைக்க வேண்டும். ஜாக்கியையும் சக்கரம் கழற்றும் சாவியையும் பெட்டிகளுக்கு மேலே, கைக்கு எட்டும்படி வைப்பது அறிவுடைமை.