'ங்க'வுக்கு இங்கிலீஷில் என்ன?

செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதைப் பார்க்க வரும் வெளிநாட்டவர் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ரூம் எடுத்தால், ரிசப்ஷனில் முதலில் கேட்பது பாஸ்போர்ட்தான். அவர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசு இணையதளத்தில் ஹோட்டல் பதிய வேண்டும் என்பது சட்டம்.

சிக்கலும் அங்கேதான். 'பாஸ்போர்ட் குடுங்க' என்பதில் மரியாதை 'ங்க'வில் இருக்கிறது. அதையே 'கிவ் பாஸ்போர்ட்' என்றால் 'ங்க' தொலைந்து 'குடு' மட்டும் மிஞ்சும். கேட்பவருக்கு அது அதட்டல்!

அதனால், ரிசப்ஷன் ஊழியர்களுக்கான பயிற்சியில் முதலில் பழக வேண்டியவை மூன்று வாக்கியங்கள்.

கேட்க: 'மே ஐ ஹேவ் யுவர் பாஸ்போர்ட், ப்ளீஸ்?' அந்த 'மே ஐ'யும் 'ப்ளீஸ்'ஸும்தான் நம்ம 'ங்க'.

காரணம் சொல்ல: 'இட்ஸ் எ கவர்ன்மென்ட் ரூல்.'

நம்பிக்கை தர: 'ஐ வில் கிவ் இட் பேக் இன் ஃபைவ் மினிட்ஸ்.' சொன்னபடி ஐந்தே நிமிடத்தில் கொடுத்துவிட வேண்டும்.

பாடம் ஏறியதா என்று பார்க்க, சக ஊழியர் ஒருவர் விருந்தினராக நடித்து 'ஒய்?' என்று கேட்கட்டும். முதல் வாக்கியமே மறுபடி சத்தமாக வந்தால் வெறும் மனப்பாடம். இரண்டாவது வாக்கியம் வந்தால், பாஸ்!