முதல் சம்பளமும் நான்கு வரி நன்றியும்



கல்லூரி முடித்து வேலையில் சேர்ந்த நம் பிள்ளைகள், முதல் மாதம் நிறைவுற்றதும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வைக்கிறார்கள். சம்பளச் சீட்டு, அல்லது வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி, அல்லது தாயின் கையில் பணத்தை வைக்கும் காட்சி. அதன் கீழே, தங்களைப் படிக்க வைத்த பெற்றோருக்கு நன்றி கூறும் சில வரிகள். நம் மஹல்லாக்களில் இது இப்போது ஏறத்தாழ ஒரு வழக்கமாகிவிட்டது.

பெரியவர்கள் சிலர் இதனை முகஸ்துதி என்று ஒதுக்குகிறார்கள். "நன்றி சொல்ல வேண்டுமானால் வீட்டில் சொல்லட்டும்; ஊருக்கு எதற்கு?" என்பது அவர்களது கேள்வி. அக்கருத்தில் எனக்கு முழு உடன்பாடில்லை. இறைவன் அளித்த அருட்கொடையை எடுத்துச் சொல்லுமாறு அல்குர்ஆனின் 93ஆம் அத்தியாயம் இறுதி வசனத்தில் பணிக்கிறது. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவரே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் பொன்மொழி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இடம்பெற்றுள்ளது. மேலும், ஊரில் எவரும் பொருட்படுத்தாத ஒரு கூலித் தொழிலாளிக்குத் தம் பிள்ளையின் வாயால் பகிரங்கமாகக் கிடைக்கும் மரியாதை சிறிய விஷயம் அன்று.

ஆகவே எழுதலாமா, கூடாதா என்பது என் கேள்வியன்று. எப்படி எழுதுவது என்பதில்தான் கவனம் தேவை. அந்த வாசகம் எழுதும் பிள்ளையின் மகிழ்ச்சியைக் கூறுவதோடு நிற்பதில்லை. அது பெற்றோரைப் பற்றி நாம் பலர் முன்னிலையில் அளிக்கும் சாட்சியமும் ஆகிறது. சாட்சியத்திற்கு உரிய ஒழுங்குகள் அதற்கும் உண்டு.

ஓர் உதாரணம் கூறுகிறேன். என்னிடம் மாலை நேர மக்தபில் ஓதிய மாணவர் ஒருவர், இன்று ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறார். முதல் சம்பளம் வந்த இரவு, ஸ்டேட்டஸில் வைப்பதற்கு எழுதிய வாசகத்தை எனக்கு அனுப்பி, "ஹஜ்ரத், இது சரியா இருக்கா பாருங்க" என்று கேட்டார். பெயர் கூறாமல் வெளியிட அவர் இசைந்ததால் அதனை இங்கே தருகிறேன்.

"முதல் சம்பளம் 22,000! என் படிப்புக்காக அம்மாவின் 3 பவுன் சங்கிலி வங்கிக்குப் போனது. அத்தா வட்டிக்குக் கடன் வாங்கினார். இன்று உங்கள் கடனை அடைத்துவிட்டேன். எல்லாம் உங்களால்தான் அத்தா, அம்மா." இதனுடன் சம்பளச் சீட்டின் படமும் இருந்தது.

எழுதியவரின் உள்ளம் தூய்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி யோசிக்க வேண்டிய ஒன்று இருந்தது.

முதலில் படம். சம்பளச் சீட்டில் தொகை மட்டுமா இருக்கிறது? வருங்கால வைப்பு நிதி எண், வருமான வரிக் கணக்கு எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவையும் பெரும்பாலும் அதில் அச்சாகின்றன. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்று நினைக்கிறோம். அதற்குள் எத்தனை பேர் அதனைப் படம்பிடித்து வைத்துக்கொள்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. தொகையை எழுதுவதிலும் நன்றி கூடுவதில்லை. உறவினர் ஒருவருக்கு அது குறைவாகவும், இன்னும் வேலை கிடைக்காத நண்பருக்கு அது வேதனையாகவும் தெரியும். தம் மகன் கண்ட கனவைச் சகோதரர்களிடம் கூற வேண்டாம் என்று நபி யஃகூப் (அலை) அவர்கள் எச்சரித்ததை யூசுஃப் அத்தியாயத்தில் ஓதுகிறோம். நிஃமத்தைச் சொல்வதும் அதன் அளவை விவரிப்பதும் வேறு வேறு.

அடுத்து, நகையும் கடனும். இதுவே என்னை மிகவும் யோசிக்கவைத்த வரி. மாணவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "இதை அத்தாவிடம் படித்துக் காட்டினீர்களா?" இல்லை என்றார். அன்றிரவே தொலைபேசியில் படித்துக் காட்டினார். ஜவுளிக் கடையில் விற்பனையாளராக இருக்கும் அந்தத் தந்தை சற்று நேரம் பேசவில்லையாம். பிறகு, "கடன் விஷயம் மட்டும் வேண்டாம்ப்பா. உன் சின்னத்தாவுக்கே அது தெரியாது" என்றாராம்.

நான்கு ஆண்டுகளாக உடன்பிறந்த தம்பியிடம்கூட வாய் திறக்காமல் காத்துவந்த ஒன்றை, மகன் நன்றி என்ற பெயரில் இருநூறு பேருக்கு அறிவிக்க இருந்தார். நம் வீடுகளில் வட்டிக் கடன் பெருமைக்குரியதன்று. மார்க்கம் தடுத்ததென்று அறிந்தே, வேறு வழி காணாமல், வெட்கத்தோடு அதில் விழுந்தவர்கள் பலர். அந்த வெட்கம் அவர்களது ஈமானின் அடையாளம். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அந்தப் பாதுகாப்புக்குப் பெற்றோரை விட உரியவர் யார்? ஜமாஅத்தின் கல்வி உதவியோ ஜகாத் பணமோ பெற்றுப் படித்திருந்தாலும் இதே விதிதான். "என் பெற்றோர் பட்ட பாடு" என்று பட்டியலிடும் உரிமை, அந்தப் பாட்டைப் பட்டவர்களுக்கே உண்டு.

மூன்றாவது, "கடனை அடைத்துவிட்டேன்" என்ற சொல். இது இரு வகையிலும் சரியன்று. உலகக் கணக்கில் பார்த்தால், அந்தச் சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருந்தது. ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பித்து வந்திருக்கிறார்கள். அசல் அப்படியே நின்றது. மார்க்கக் கணக்கில் பார்த்தால், அடிமையாக இருக்கும் தந்தையை விலைக்கு வாங்கி விடுதலை செய்தாலன்றி ஒரு பிள்ளையால் தந்தைக்கு ஈடுசெய்ய இயலாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக முஸ்லிமில் வருகிறது. தம் தாயை முதுகில் சுமந்து கஅபாவை வலம்வந்த யமன் நாட்டவர் ஒருவர், "நான் ஈடுசெய்துவிட்டேனா?" என்று இப்னு உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார். பிரசவ வேதனையில் வெளிப்பட்ட ஒரு பெருமூச்சுக்குக்கூட அது ஈடாகாது என்ற பொருளில் அவர்கள் பதிலளித்ததை இமாம் புகாரீ தமது அல்அதபுல் முஃப்ரதில் பதிவு செய்துள்ளார்கள். அப்படியிருக்க, ஒரு மாதச் சம்பளத்தில் கணக்கை முடித்துவிட்டதாக எழுதுவது எவ்வாறு பொருந்தும்?

நான்காவது, "எல்லாம் உங்களால்தான்." இங்கு ஒரு நுட்பம் உண்டு. நன்றி செலுத்துவதைப் பொறுத்தவரை, எனக்கும் உன் பெற்றோருக்கும் நன்றி செலுத்து என்ற கருத்தில் லுக்மான் அத்தியாயத்தின் 14ஆம் வசனம் இரண்டையும் சேர்த்தே கூறுகிறது. எனவே பெற்றோருக்கு நன்றி என்று எழுதுவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். ஆனால் ஒன்று யாரால் நடந்தது என்று சொல்லும்போது வரிசை மாறுகிறது. "அல்லாஹ் நாடியதும் இன்னார் நாடியதும்" என்று சேர்த்துச் சொல்லாமல், "அல்லாஹ் நாடியது, பிறகு இன்னார் நாடியது" என்று பிரித்துச் சொல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததாக ஹுதைஃபா (ரலி) வழியாக அபூதாவூதில் வருகிறது. "பிறகு" என்ற அந்த ஒரு சொல் பெற்றோரின் மதிப்பைக் குறைப்பதில்லை. அவர்களை உரிய இடத்தில் அமர்த்துகிறது.

அத்துடன் அந்த வரியில் உண்மையும் முழுமையாக இல்லை. கடைசி இரண்டு ஆண்டுகளின் விடுதிக் கட்டணத்தைத் தம்மாமில் வேலை செய்யும் மூத்த சகோதரர் அனுப்பியிருந்தார். அவரது பெயர் வாசகத்தில் எங்கும் இல்லை. நம் குடும்பங்களில் ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பல கைகள் பணம் தந்திருக்கும்: வளைகுடாவில் உழைக்கும் அண்ணன், தையல் தைக்கும் அக்கா, மாமா. எழுதுவதற்கு முன், எந்தப் பருவத்துக் கட்டணத்தை யார் கட்டினார் என்று ஒருமுறை நினைவுபடுத்திப் பார்த்தால், விடுபட்டவர் யார் என்பது தெரிந்துவிடும்.

இறுதியில் அந்த மாணவர் வைத்த வாசகம் இதுதான்:

"அல்ஹம்துலில்லாஹ், முதல் சம்பளம் கைக்கு வந்தது. அல்லாஹ்வின் அருளால், பிறகு அத்தா, அம்மா, அண்ணன் ஆகியோரின் உழைப்பால் படித்தேன். அவர்கள் செய்ததற்கு என்னால் ஈடுசெய்ய இயலாது. அவர்களுக்காக துஆ செய்யுங்கள்."

சம்பளச் சீட்டு இல்லை. தந்தை கடையின் முன் நிற்கும் படத்தை, அவரது அனுமதியோடு வைத்தார். தாயார் தம் படம் வேண்டாம் என்றதால் வைக்கவில்லை. நான்கே வாக்கியங்கள், ஒருவரது மானமும் அதில் சிந்தவில்லை.

பணத்தைப் பற்றியும் இருவரும் பேசினோம். முதல் சம்பளத்தில் உறவினர் அனைவருக்கும் புத்தாடை எடுப்பது அவரது திட்டமாக இருந்தது. தாயாருக்கு ஒரு சேலை மட்டும் எடுத்துவிட்டு, மீதத்தில் இயன்றதை அந்த அடகின் அசலில் கட்டுமாறு கூறினேன். பகுதி பகுதியாக அசலைக் குறைத்தால் வட்டியும் குறையும். நகை மீளும் நாளும் நெருங்கும். அந்த வட்டியிலிருந்து பெற்றோரை விடுவிப்பது, அவர்கள் தம் வாயால் கேட்கமாட்டார்கள் எனினும், மிகவும் விரும்பும் நன்றியாக இருக்கும். இதனை ஸ்டேட்டஸில் எழுதவும் முடியாது. எழுதத் தேவையும் இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த வீட்டுப் பிள்ளை எழுதியிருக்கிறான், என் மகள் எழுதவில்லையே என்று மனம் குமைவோர் உண்டு. சொல்லிக்காட்டுவதால் தர்மங்கள் பாழாகிவிடும் என்று அல்பகரா அத்தியாயத்தின் 264ஆம் வசனம் எச்சரிக்கிறது. பிள்ளைக்குச் செலவிட்டதும் நன்மையே. அதனையும் அவ்வாறே காத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் அமைதியாக மருந்து வாங்கித் தரும் பிள்ளையின் நன்றி எந்தப் படத்திற்கும் குறைந்ததன்று.

வேலையில் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கையரே! எழுதியதை வெளியிடும் முன் அத்தாவிடமும் அம்மாவிடமும் படித்துக் காட்டுங்கள். அவர்கள் ஒரு வரியை நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் நீக்கிவிடுங்கள். சிறுவயதில் எங்களை வளர்த்ததற்காக இவர்கள் மீது அருள்புரிவாயாக என்று கேட்குமாறு அல்லாஹ் கற்றுத்தந்த துஆவை ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் கேளுங்கள். நம் பெற்றோரின் மானத்தையும் மகிழ்ச்சியையும் பேணும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கிவைப்பானாக. ஆமீன்.