வீட்டில் பட்ட காயம் வீட்டோடு போகுமா?

“வீட்டில் விரலை வெட்டிக்கொண்டு வந்தால் அதற்கு மில்லா பொறுப்பு?” மேஸ்திரிகளின் வாயில் தேய்ந்து பழகிய கேள்வி இது. இதைக் கேட்டதும் நம் தோழர்களில் பலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நேரே மிஷினுக்குப் போகிறார்கள். குனியத்தான் வேண்டுமா?

மேஸ்திரி பாதி உண்மையைச் சொல்கிறார். வீட்டில் பட்ட காயத்துக்கு மில் நஷ்டஈடு தர வேண்டியதில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் ஈ.எஸ்.ஐ. என்ற ஏற்பாடு ஒன்று இருக்கிறதே! அதற்காக நம் கூலியில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி தன் பங்காக மூன்றேகால் ரூபாய் கட்டுகிறார். இது 2019 ஜூலையிலிருந்து உள்ள விகிதம். தினம் 500 ரூபாய் வாங்குகிறவருக்கு நாளொன்றுக்கு 3 ரூபாய் 75 காசு போகிறது. அந்தப் பணத்துக்கு உரியதுதான் நோய்க்காலப் பலன். காயம் மில்லில் பட்டதா, அடுப்படியில் பட்டதா என்று அது கேட்பதில்லை. வேலை செய்ய முடியாது என்று டாக்டர் சான்று கொடுத்தாரா என்றுதான் கேட்கும்.

ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். ரிங் பிரேமில் சைடராக இருக்கும் ஒரு பெண் தொழிலாளி. ராத்திரி காய் நறுக்கும்போது அரிவாள்மனையில் இடது ஆள்காட்டி விரல் ஆழமாகப் பட்டுவிட்டது. மூன்று தையல். “சின்னக் காயம்தானே, ஒரு கையாலேயே பார்த்துக்கொள்ளேன்” என்பார் சூபர்வைசர். அவர் ஒரு ஷிப்டு ஒரு கையால் இழை பிணைத்துப் பார்க்கட்டும்! கதிர் நிமிஷத்துக்குப் 15,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அறுந்த இழையை எடுத்து ரோலரில் கொண்டு சேர்க்க இரண்டு கை விரல்களும் வேண்டும். கட்டுத்துணியின் ஒரு நூல் பிரிந்து கதிரில் மாட்டினால், மூன்று தையலோடு நிற்காது. பறக்கும் பஞ்சுத்தூசும் வியர்வையும் கட்டுக்குள் இறங்கினால் காயம் சீழ்பிடிக்கும். விரலில் போட்ட தையலைப் பிரிக்கவே சுமார் பத்து நாள் ஆகும். அதுவரை விரல் நனையக்கூடாது.

அப்படியானால் இந்தப் பெண் என்ன செய்ய வேண்டும்? முதல் நாளே ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போக வேண்டும். விரல் நுனி மடங்கவில்லை என்றாலும், மரத்துப்போயிருந்தாலும் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நரம்போ தசைநாரோ அறுந்திருந்தால் அது சின்னக் காயமே அல்ல. டாக்டர் ஒரே மூச்சில் பத்து நாளுக்கு எழுதித் தரமாட்டார். வழக்கமாக ஏழு நாளுக்கு மேற்படாமல் எழுதுவார், மறுபடி பார்த்து நீட்டுவார், கடைசியில் வேலைக்குத் தகுதி என்று எழுதுவார். நீட்டவேண்டிய நாளில் போகாமல் இருந்துவிட்டால் நடுவில் சான்றில்லாத நாள் விழும். அந்த நாளுக்குப் பணமும் இல்லை, லீவும் இல்லை.

மில்லுக்கு அன்றைக்கே சேதி போக வேண்டும். “உடம்பு சரியில்லைங்க” என்று அடுத்த வீட்டுப் பையனிடம் சொல்லியனுப்புவது சேதி அல்ல. நாலு வரி எழுதினால் போதும்: “ஐயா, நேற்று இரவு என் வீட்டில் அரிவாள்மனையில் இடது ஆள்காட்டி விரல் வெட்டுப்பட்டு மூன்று தையல் போட்டிருக்கிறது. இழை பிணைக்க இயலாது. இன்று முதல் ஏழு நாள் ஓய்வுக்கு ஈ.எஸ்.ஐ. டாக்டர் சான்று தந்துள்ளார். நகல் இணைத்துள்ளேன். மேலும் நீட்டினால் தெரிவிப்பேன்.” இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் டைம் ஆபீசில் கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். செல்போனில் அனுப்பினால் அதை அழிக்கக்கூடாது. பத்து நாள் கழித்து “சொல்லாமல் நின்றுவிட்டாள்” என்று பெயரை அடிக்கப் பார்ப்பவர்களுக்கு அந்தக் காகிதம்தான் பதில்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். பத்து நாள் ஓய்வு. முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. (நோயாளிக்கு எதற்கு இந்த இரண்டு நாள் பட்டினி என்று கேட்க வேண்டும். அது தனிப் போராட்டம்.) மீதி எட்டு நாளுக்குக் கூலியில் நூற்றுக்கு எழுபது வீதம், அதாவது நாளுக்கு 350 ரூபாய். மொத்தம் 2,800 ரூபாய். வேலைக்குப் போயிருந்தால், ஒரு நாள் வார விடுமுறை போக 4,500 ரூபாய் வந்திருக்கும். 1,700 ரூபாய் நஷ்டம்தான், மறைக்கவில்லை. இதற்குத் தகுதி பெற, உரிய ஆறுமாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு உடனே கிடைக்காது.

இந்த நஷ்டத்தைக் காட்டித்தான் சூபர்வைசர் தூண்டில் போடுகிறார். “நீ வாம்மா, சும்மா உட்கார். லேசான வேலை தருகிறேன்.” நல்ல வார்த்தைதான். டாக்டர் சம்மதித்தால் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த வேலை என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கோன் எண்ணி எழுதுவது என்றால் சரி. “அங்கே இங்கே பார்த்துக்கொள்” என்றால் இரண்டாம் நாளே விளக்குமாறும் கழிவுப் பஞ்சும் கைக்கு வரும். இன்னொன்று, வேலை செய்த நாளுக்கு நோய்க்காலப் பலன் கிடையாது. ஆகவே அந்த நாளுக்கு முழுக்கூலி உண்டா என்பதை முன்பே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். அரைக்கூலிக்கு உட்காரவைத்தால் லாபம் யாருக்கு? வீட்டிலிருந்தால் வரக்கூடிய 350 ரூபாயை விட்டுவிட்டு மில்லில் 250 ரூபாய்க்கு உட்கார்வதா?

இதற்கு நேர் எதிரான பித்தலாட்டமும் நடக்கிறது. மில்லுக்குள் விரல் நசுங்குகிறது. உடனே மேஸ்திரி ஓடிவருகிறார். “ஆஸ்பத்திரியில் வீட்டில் பட்டது என்று சொல்லிவிடு, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.” வீட்டுக் காயத்துக்கு நாங்கள் பொறுப்பா என்று கேட்ட அதே வாய்! விபத்துப் பதிவேட்டில் ஏறக்கூடாது, இன்ஸ்பெக்டர் கேட்கக்கூடாது, அவ்வளவுதான் அக்கறை. தொழிலாளி இழப்பதோ பெரிது. வேலையில் பட்ட காயத்துக்குப் பலன் நூற்றுக்குத் தொண்ணூறு. 78 நாள் சந்தாக் கணக்கு வேண்டியதில்லை. இயலாமை மூன்று நாளாவது நீடித்தால் முதல் இரண்டு நாள் வெட்டும் இல்லை. மேலே சொன்ன பத்து நாளுக்கு 2,800 அல்ல, 4,500 ரூபாய். விரல் நிரந்தரமாக ஊனமானால் ஆயுள் முழுவதும் வரவேண்டிய தொகையும் அந்த ஒரு பொய்யோடு போகும். ஆகவே வீட்டில் பட்டதை வீட்டில் பட்டது என்றே சொல்ல வேண்டும், மில்லில் பட்டதை மில்லில் பட்டது என்றே சொல்ல வேண்டும். வீட்டுக் காயத்தை மில் காயமாக மாற்றிச் சொல்வதும் கூடாது. அது குற்றம். பிடிபட்டால் நாளைக்கு உண்மையான விபத்தில் அடிபடும் தோழரின் சொல்லையும் நம்பமாட்டார்கள்.

வயலில் நிற்கும் தோழருக்கு இந்த ஈ.எஸ்.ஐ. கிடையாது. வீட்டு வாசலில் கண்ணாடி குத்திய காலோடு நடவுக்கு இறங்குகிறார். “சேற்றில் நின்றால் ஆறிவிடும்” என்கிறார் கங்காணி. ஆறாது. எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் உடம்புக்குள் நுழைவது இப்படிப்பட்ட வெட்டு வழியாகத்தான். கூட்டாக ஒப்புக்கொண்ட நடவு என்றால் முந்தின நாள் மாலையே கூட்டத்தாரிடம் சொல்லிவிட வேண்டும்: “கால் வெட்டு மூடும்வரை சேற்றில் இறங்கமாட்டேன். வரப்பில் இருந்து முடி எடுத்துக் கொடுக்கிறேன், பங்கில் குறைக்காதீர்கள்.” முதலில் சம்மதிக்க வேண்டியவர்கள் பண்ணைக்காரர் அல்ல, கூட நடுகிற பெண்கள். இன்றைக்கு ஒருத்தியின் பங்கை வெட்டினால் நாளைக்கு வேறொருத்தி காயத்தை மறைத்துக்கொண்டு சேற்றில் இறங்குவாள். அதற்குப் பிறகு வாரம் பத்து நாளில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால், சேற்றில் நின்ற விவரத்தையும் காலில் வெட்டு இருந்ததையும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.