கல்விக் கடன் முகாமில் சொல்லாமல் விடப்படும் வட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தருமபுரி மாவட்டத்தில் கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் நடைபெறும் கல்விக் கடன் முகாம்களுக்குப் பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரும் பெற்றோரிடம், ‘படிப்பு முடிந்து ஓராண்டு வரை ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை’ என்று சொல்லப்படுகிற வார்த்தை பொய்யன்று என்றாலும், அது விஷயத்தின் ஒரு பாதிதான் என்பதையும், மற்றப் பாதியைச் சொல்லாமல் விடும் வழக்கத்தை ஆட்சேபித்தே இதை எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்திய வங்கிகள் சங்கம் 2001-ஆம் ஆண்டில் வகுத்து, பிற்பாடு பலமுறை திருத்திய மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி, படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும் மொரட்டோரியம். அது கழிந்தபின் 15 ஆண்டு வரை மாதத் தவணை. இந்த அவகாசம் தவணைக்கு உரியதேயன்றி வட்டிக்கு உரியதன்று. கல்லூரியின் கணக்குக்கு முதல் வருஷத்துக் கட்டணம் போய்ச் சேர்ந்த அன்றைக்கே வட்டி கணக்கில் ஏற ஆரம்பித்துவிடுகிறது. அவ்வட்டி அவகாசக் காலம் முழுவதும் தனிவட்டியாக, அதாவது அசலுக்கு மட்டும் கணக்கிடப்படும் வட்டியாக இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி; ஆனால் அவகாசம் முடிகிற அன்று, அதுவரை கட்டப்படாமல் நின்ற வட்டி முழுவதும் அசலோடு சேர்க்கப்பட்டு, சேர்ந்த தொகையே புதிய அசலாகிவிடுகிறது. விவகாரம் முழுவதும் அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது.

நான்காண்டுப் பொறியியல் படிப்புக்கு ஆண்டுக்கு 1 லட்ச ரூபாய் வீதம், 10 விழுக்காடு வட்டியில் 4 லட்ச ரூபாய் கடன் பெற்ற ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முதல் வருஷத்து லட்சம் ஐந்தாண்டு நிற்பதால் 50,000 ரூபாய் வட்டி ஈட்டுகிறது. இரண்டாவது லட்சம் 40,000, மூன்றாவது 30,000, நான்காவது 20,000. ஆக 1,40,000 ரூபாய். பிள்ளை உத்தியோகத்துக்குப் போய் முதல் தவணை கட்ட வரும்போது, கடன் 4 லட்சமல்ல, 5,40,000. அதை 15 ஆண்டுகளில் தீர்ப்பதற்கு மாதம் ஏறக்குறைய 5,800 ரூபாய் கட்ட வேண்டும்; அந்த வட்டி அசலில் சேராமல் இருந்திருந்தால் 4,300 ரூபாயே போதும். மாதத்துக்கு 1,500 ரூபாய்தானே என்று தோன்றலாம். 180 மாதங்களுக்கு அதைப் பெருக்கினால் 2,70,000 ரூபாய். படிப்புக் காலத்தில் கட்டாமல் விட்ட 1,40,000 ரூபாய், வாங்கியவர் அறியாமலே ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடுகிறது.

இந்தத் துன்பம் ஆட்சியாளர்களுக்குத் தெரியாததுமன்று. 2014 பிப்ரவரியில் இடைக்கால வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்த நிதியமைச்சர் ப. சிதம்பரம், 2009 மார்ச் 31 வரை வழங்கப்பட்ட கல்விக் கடன்களில் 2013 இறுதி வரை நிலுவையில் நின்ற வட்டியை மத்திய அரசே ஏற்கும் என்று அறிவித்தபோது, அதனால் ஏறக்குறைய 9 லட்சம் பேர் 2,600 கோடி ரூபாய் அளவுக்குப் பயனடைவார்கள் என்றார். 2009-க்குப் பிறகு வாங்கியவர்களுக்கு அப்போதே வேறொரு சலுகை இருந்தது, இன்றும் இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்கு மேற்படாத மாணவர் இந்தியாவிலேயே தொழிற்கல்வி பயின்றால், அவகாசக் காலத்து வட்டியை அரசு மானியமாக அளிக்கும் திட்டம் அது. 2018 முதல் அங்கீகார மதிப்பீடு பெற்ற கல்லூரிகளுக்கும் பாடப் பிரிவுகளுக்குமே பெரும்பாலும் அது செல்லும் என்பதால், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை விசாரித்துக்கொள்வது நலம்.

இனி, வட்டியை முன்கூட்டியே கட்டலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஏனெனில், ‘உடனே கட்டிவிடுங்கள்’ என்று பொதுப்படையாகச் சொல்லுகிறவர்களும் என் அபிப்பிராயத்தில் பாதி உண்மையைத்தான் சொல்லுகிறார்கள். மேற்சொன்ன மானியத்துக்கு உரியவர்கள் கட்ட வேண்டியதில்லை. தாசில்தாரின் வருமானச் சான்றை முதலாண்டிலேயே கிளையில் கொடுத்து, மானியம் கோரி வங்கி பதிவு செய்திருக்கிறதா என்று ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டால் போதும். மானியத்துக்கு உரியரல்லாதார் விஷயத்தில், தனிவட்டி என்னும் விதி ஒரு சௌகரியத்தைத் தருகிறது. கட்டாமல் நிற்கும் வட்டிக்கு அவகாசம் முடியும் வரை மேல்வட்டி இல்லையாதலால், மாதாமாதம் ஏறும் வட்டிக்குச் சமமான தொகையைத் தொடர்வைப்புகளில் போட்டு வைத்து, வட்டி அசலோடு சேர்வதற்கு முந்திய வாரத்தில் மொத்தமாக எடுத்துக் கட்டிவிட்டால், வைப்பின் வட்டி குடும்பத்துக்கே மிஞ்சும். நம் உதாரணத்தில், வைப்புக்கு 6.5 விழுக்காடு கிடைத்தால் அது சுமார் 19,000 ரூபாய். படிப்புக் காலத்திலேயே வட்டி கட்டுவோருக்கு வங்கி 1 விழுக்காடு குறைத்துத் தரலாம் என்று திட்டத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதைப் பெற்றால் மிஞ்சுவது 14,000. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கையில் பணம் தங்காத வீடுகளில் நேரே வங்கிக்குக் கட்டுவதே மேல் என்பேன். மரவள்ளி வெட்டியபின் ஒரே தடவையாகப் பணம் பார்க்கும் குடும்பத்துக்கு வைப்பே பொருந்தும். ஆனால் நகையை அடகு வைத்தோ, மாதம் இரண்டு வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு 24 விழுக்காட்டுக்குக் கைமாற்று வாங்கியோ 10 விழுக்காட்டு வட்டியை அடைக்கப் புறப்படுவது விவேகமன்று.

இவ்வளவும் வங்கி உண்மையிலேயே தனிவட்டி போடுகிறது என்று கொண்டுதான். அதைக் கண்டுபிடிக்கக் கணக்கு மேதை வேண்டியதில்லை. கணக்கு விவரத்தை வாங்கிப் பார்த்தால், 1 லட்சத்துக்கு முதல் வருஷத்தில் 10,000 ரூபாய் ஏறியிருந்தால் இரண்டாம் வருஷத்திலும் அதே லட்சத்துக்கு 10,000 ரூபாய்தான் ஏறியிருக்க வேண்டும். தொகை வளர்ந்திருந்தால், வட்டி விகிதம் இடையில் உயர்த்தப்பட்டதா என்று முதலில் விசாரித்து, இல்லையென்றால் கூட்டுவட்டி போடப்படுகிறது என்று அறிந்து எழுத்து மூலமாகக் கேட்கலாம். மாதந்தோறும் கூட்டுவட்டி கணக்கிட்டால் அந்த முதல் லட்சத்தின் ஐந்தாண்டு வட்டி 50,000 அல்ல, 64,500 ஆகிவிடும். அப்படிப்பட்ட கணக்கில் தொடர்வைப்பு யோசனை செல்லாது. கையில் உள்ளதை அன்றன்றே கட்டுவதுதான் வழி. எனக்குத் தெரிந்த ஒரு மாணவியின் தந்தை இந்த விவரத்தாளைக் கேட்டு ஒரு கிளைக்கு மூன்று மாதம் நடந்தார். கிடைத்தபோது அது முழுக்க ஆங்கிலத்தில், குறியீட்டு எழுத்துகளாக இருந்தது.

ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு வழங்கப்படும் தவணைக் கடன்களுக்கு, வட்டியும் செலவுகளும் திருப்பிச் செலுத்தும் அட்டவணையும் அடங்கிய முக்கிய விவர அறிக்கையை, கடன் பெறுவோருக்குப் புரியும் மொழியில் கொடுத்து விளக்கவும் வேண்டும். எங்கள் ஊர்ப் பெற்றோருக்குப் புரியும் மொழி எது என்று ஆராய வேண்டியதில்லை. ஆகவே, மாவட்ட ஆட்சியர் தலைமையில் காலாண்டுதோறும் கூடும் வங்கியாளர்களின் ஆலோசனைக் குழு மூன்று காரியங்களைக் கட்டளையாக்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகையின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். முகாமிலேயே அந்த அறிக்கை தமிழில், அவகாசம் முடியும் நாளன்று கடன் எவ்வளவாகியிருக்கும் என்ற தொகையோடு கையில் தரப்படட்டும். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஏறிய வட்டி எவ்வளவு, மானியம் கோரப்பட்டதா என்ற இரு வரிகள் பெற்றோரின் கைப்பேசிக்கு வரட்டும். வட்டி அசலில் சேர்வதற்கு மூன்று மாதம் முன்னதாக, கட்ட விரும்பினால் கட்டுவதற்குரிய தொகையையும் கடைசித் தேதியையும் குறித்து ஒரு கடிதம் வரட்டும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பாப்பிரெட்டிப்பட்டி, தருமபுரி மாவட்டம்.