குழுக்களைப் பிரித்தோம் என்பதனாலேயே அது அடுக்குமுறை மாதிரி ஆகிவிடாது

ஆய்வேடுகளின் மூன்றாம் இயலில் அடிக்கடி காணும் ஒரு வரி உண்டு: 'ஆய்வுப் பகுதி ஊர்வாரியாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுள் பத்து ஊர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, அடுக்குமுறையில் மாதிரி எடுக்கப்பட்டது.' இவ்வரி தவறு. எழுதியவர் செய்தது கொத்துமுறை. முதலாண்டில் நானும் இப்படியே எழுதினேன் என்பதால், புதிதாக ஆய்வுக்கு வருவோருக்காக இதனைச் சற்று விரித்துரைக்கிறேன்.

இரண்டு முறைகளிலும் முதற்படி ஒன்றுதான்: மக்களைக் குழுக்களாகப் பிரித்தல். வேறுபாடு அடுத்த படியில் தோன்றுகிறது. ஸ்ட்ராட்டிஃபைட் எனப்படும் அடுக்குமுறையில் எல்லாக் குழுக்களுக்குள்ளும் நுழைந்து, ஒவ்வொன்றிலிருந்தும் சிலரை எடுக்கிறோம். கிளஸ்டர் எனப்படும் கொத்துமுறையில் குழுக்களையே சீட்டுப் போட்டுச் சிலவற்றை மட்டும் எடுத்து, அவற்றுள் இருப்போர் அனைவரையுமோ சிலரையோ கேட்கிறோம். முன்னதில் எந்தக் குழுவும் விடுபடாது. பின்னதில் பெரும்பாலான குழுக்கள் விடுபடும்.

பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியை எண்ணிப் பாருங்கள். அங்கே இருளர், முதுகர், குறும்பர் என மூன்று பழங்குடியினர் வாழ்கின்றனர். இருளரே பெரும்பான்மையினர், குறும்பர் மிகச் சிலர், அவர்களும் பெரும்பாலும் புதூர்ப் பஞ்சாயத்தின் காட்டையொட்டிய ஊர்களில் இருப்போர். சில ஊர்களை மட்டும் சீட்டுப் போட்டு எடுத்தால், குறும்பர் ஊர் ஒன்றுகூட வராமற் போகலாம். 'அட்டப்பாடிப் பழங்குடியினர்' என்று நாம் எழுதும் முடிவில் ஒரு சமூகமே இராது. இங்கு மூன்று சமூகங்களையும் மூன்று அடுக்குகளாகக் கொண்டு, ஒவ்வொன்றிலும் தனித்தனியே மாதிரி எடுப்பதே முறை. அடுக்கிற்குள் இருப்போர் தம்முள் ஒத்தும், அடுக்குகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டும் இருப்பது நமக்கு நன்மை. அடுக்குகளுக்கு இடையேயான வேறுபாடு நம் பிழைக்கணக்கில் சேர்வதில்லை. எல்லா அடுக்குகளையும் நாம் பார்த்துவிட்டோம் அல்லவா?

இனி இடுக்கிக்குச் செல்வோம். தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் லயங்களில் வாழ்கின்றன. மலைச்சரிவெங்கும் சிதறிக் கிடக்கும் லயங்களிலிருந்து வீடுவீடாகச் சீட்டுப் போட்டால் நடையிலேயே நாள் கழியும். ஆகவே லயத்தைக் கொத்தாகக் கொள்கிறோம். இது செலவு கருதிய ஏற்பாடு. அதற்கு ஒரு விலையும் உண்டு.

இருபது லயங்கள், ஒவ்வொன்றிலும் பத்து வீடுகள், ஆக 200 வீடுகளைக் கேட்டதாகக் கொள்வோம். கேள்வி குடிநீரைப் பற்றியது. ஒரு லயத்துக்கு ஒரே குழாய் என்றால் பத்து வீடுகளும் ஒரே விடையைத்தான் தரும். நாம் 200 பேரைக் கேட்டிருந்தாலும் அறிந்தவை இருபது செய்திகளே. இவ்வொப்புமையை அளக்கும் எண்ணுக்குக் கொத்தக ஒட்டுறவு என்று பெயர். அது ρ எனவும், ஒரு கொத்தில் கேட்ட வீடுகள் m எனவும் கொண்டால், மாதிரியின் வலிமை குறையும் மடங்கு இது:

1 + (m − 1)ρ

குழாய் எடுத்துக்காட்டில் ρ = 1; மடங்கு 10; 200-ஐ 10-ஆல் வகுக்க 20. ρ வெறும் 0.2 என்றாலும் மடங்கு 2.8, 200 வீடுகள் ஏறத்தாழ 71 வீடுகளின் வலிமையே பெறும். அதே 200 வீடுகளை நாற்பது லயங்களில், லயத்துக்கு ஐந்தாகக் கேட்டிருந்தால் மடங்கு 1.8; வலிமை 111. எனவே கொத்துமுறையில் வீடுகளைக் கூட்டுவதைவிடக் கொத்துகளைக் கூட்டுவதே பயன் தரும். கொத்து ஒவ்வொன்றும் முழுத் தோட்டத்தின் சிறுபடிவமாக, உள்ளே பலவகையினரைக் கொண்டிருப்பதே நமக்கு நல்லது. அடுக்கிற்கு வேண்டிய இயல்புக்கு இது நேர் எதிர்.

பெயரை மாற்றி எழுதுவதன் தீங்கு இங்குதான். கொத்துமுறையில் எடுத்த 200-ஐத் தனித்தனியே எடுத்த 200 போல மென்பொருளில் இட்டால், பிழை எல்லை சிறுத்துக் காட்டும். இல்லாத வேறுபாடு இருப்பதாகத் தோன்றும். 'தொழிலாளரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்று நாம் எழுதியது, இரண்டு லயங்களின் குழாய்களுக்கு இடையேயான வேறுபாடாகவே இருந்துவிடலாம்.

இரண்டையும் சேர்த்தும் பயன்படுத்தலாம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) ஒவ்வொரு மாவட்டத்தையும் நகரம், ஊரகம் என அடுக்காக்கியது. ஊரக அடுக்கிற்குள் கிராமங்களைக் கொத்துகளாகத் தெரிந்தெடுத்தது. ஒரு கொத்துக்கு 22 வீடுகளைக் கேட்டது. ஆக, ஓர் ஆய்விலேயே ஒருவகைக் குழு அடுக்காகவும் மற்றொருவகைக் குழு கொத்தாகவும் நின்றன. லயம், ஊர், பஞ்சாயத்து என்னும் பெயர்களில் முறை இல்லை. அவற்றை நாம் பயன்படுத்தும் விதத்திலேயே இருக்கிறது.

ஆகவே என் கருத்து இது: மூன்றாம் இயலில் முறையின் பெயரை எழுதுமுன், மொத்தக் குழுக்கள் எத்தனை, அவற்றுள் நாம் கால் வைத்தவை எத்தனை என்னும் இரண்டு எண்களை எழுதுங்கள். இரண்டும் ஒன்றாயின் அக்குழுக்கள் அடுக்குகள். இரண்டாவது எண் சிறிதாயின் அவை கொத்துகள். கணக்கையும் அதற்கேற்பவே செய்ய வேண்டும்.