கையில் நிற்கும் கூலி எவ்வளவு?

சென்ற ஆண்டு மும்பையிலுள்ள எமது கிளைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார். மாதம் 3,000 ரூபாய் வீதம் அவர் தொடங்கியிருந்த தொடர் வைப்பில் மூன்றாம் தவணை செலுத்தப்படவில்லை. சேமிப்புக் கணக்கில் போதிய இருப்பு இல்லை. "கூடுதலாக வேலை செய்கிறேன், ஆனால் பணம் எங்கே போகிறதென்று தெரியவில்லை" என்றார். நாங்கள் அவருடன் அமர்ந்து கணக்கிட்டோம். அக்கணக்கு பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.

கல்யாணில் வசிக்கும் அவர், தாதரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர். வாரத்தில் மூன்று மாலைகள் அந்தேரியில் ஒரு கடையில் மூன்று மணி நேரம் கணக்குப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தார். மணிக்கு 120 ரூபாய். ஒரு மாலைக்கு 360. மாதம் 12 மாலைகளுக்கு 4,320 வரும் என்ற நம்பிக்கையில்தான் வைப்பைத் தொடங்கினார்.

முதலில் எதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று பார்த்தோம். கல்யாணிலிருந்து தாதருக்கான மாதாந்திரப் பயணச்சீட்டை அவர் எப்படியும் வாங்குவார். அந்தப் பயண நேரமும் எப்படியும் செலவாகும். அவற்றைப் புதிய வேலையின் மீது ஏற்றுவது தவறு. இந்த வேலை இல்லாவிட்டால் எது செலவாகாதோ, அதை மட்டுமே எழுத வேண்டும்.

அவ்வாறு எழுதியபோது, தாதருக்கும் அந்தேரிக்கும் இடையே ரயில் கட்டணம் இருவழிக்கும் 20 ரூபாய். அந்தேரி நிலையத்திலிருந்து கடைக்குச் சென்று திரும்ப ஆட்டோ 60. மாலைச் சிற்றுண்டி 50. இரவு வெகுநேரம் கழித்துக் கல்யாணில் இறங்கும்போது பகிர்வு ஆட்டோ கிடைப்பதில்லை. தனி ஆட்டோவுக்கு 60 ரூபாய் அதிகம். இந்தக் கடைசிச் செலவைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். மொத்தம் 190 ரூபாய். ஆகவே ஒரு மாலையில் கையில் நின்றது 170 மட்டுமே.

நேரத்தையும் அவ்வாறே கணக்கிட்டோம். வேலை மூன்று மணி. தாதர்–அந்தேரி சென்று வர ஒன்றரை மணி. இரவில் கல்யாண் விரைவு வண்டிக்காகக் காத்திருப்பது அரை மணி. ஆக ஐந்து மணி நேரம். 170ஐ ஐந்தால் வகுத்தால் மணிக்கு 34 ரூபாய். மாதம் 60 மணி நேரம் கொடுத்து அவர் பெற்றது 2,040. தவணையோ 3,000. முதலிரு தவணைகளைப் பழைய சேமிப்பு தாங்கியது. மூன்றாவதை அதனால் தாங்க இயலவில்லை.

இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. மாத இறுதியில் ஆறு நாட்கள், நாளுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக இருக்குமாறு அவருடைய சொந்த அலுவலகமே கேட்டிருந்தது. மணிக்கு 80 ரூபாய்தான் என்பதால் மறுத்துவிட்டார். அந்த 80இல் பயணத்துக்கென ஒரு ரூபாயும் கழிவதில்லை. பகிர்வு ஆட்டோ கிடைக்கும் நேரத்திலேயே வீடு திரும்பலாம். 34 ரூபாய்க்காக 80 ரூபாயை அவர் விட்டுக்கொடுத்திருந்தார்.

பயணச் செலவு மணிக்கணக்கில் வருவதில்லை. ஒவ்வொரு முறை செல்வதற்கும் வருகிறது. எனவே குறைந்த முறை சென்று அதிக நேரம் வேலை செய்வதே இலாபம். அதே கடையில் ஞாயிறன்று ஒன்பது மணி நேரம் பணியாற்றினால் 1,080 ரூபாய். வீட்டிலிருந்து உணவு எடுத்துச் சென்றால் செலவு 120, நிற்பது 960. அன்று பயணம் முழுவதும் புதியது என்பதால் நான்கு மணி நேரத்தையும் சேர்க்க வேண்டும். பதின்மூன்று மணிக்கு வகுத்தாலும் மணிக்கு ஏறத்தாழ 74 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் பாதைப் பராமரிப்புக்காக 'மெகா பிளாக்' அறிவிக்கப்படும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மேலும் ஒரு மணி நேரம் போனாலும் 68க்குக் கீழே இறங்காது.

இறுதியில் அவர் மாத இறுதி வேலையையும், மாதத்தில் இரண்டு ஞாயிறுகளையும் ஏற்றார். 38 மணி நேரத்தில் 2,880 ரூபாய். பழைய வைப்பை முடித்துவிட்டு, 2,000 ரூபாய்க்குப் புதிய வைப்பைத் தொடங்கினார். ஏதேனும் ஒரு ஞாயிறு தவறினாலும் பெரிய இடர் வராது. குறைவதைச் சேமிப்பு இருப்பு தாங்கும்.

மணிக்கு 34 ரூபாய்க்கு உழைப்பது எப்போதும் தவறென்று நாங்கள் கூறவில்லை. வேறு வழியற்ற மாதத்தில் 2,040 ரூபாயும் பெரிய தொகையே. ஆனால் 120 என்று எண்ணிக்கொண்டு 34க்கு உழைப்பது தவறு. கூடுதல் வேலையை நம்பித் தவணை எதையும் தொடங்கும் முன், இரண்டு மாதங்கள் பொறுத்து, கையில் உண்மையில் நின்ற தொகையைப் பார்த்துவிட்டு எமது கிளைக்கு வாருங்கள்.