மூன்று பவுன் யாருக்கு?

ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டை நான் பல ஆண்டுகள் எழுதியவன். மஹர் ஐந்து பவுன். இரண்டு கொடுத்தாயிற்று, மூன்று பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றும் கணவர் மனைவிக்குப் பட்ட கடன். அவர் இறந்தாலும், வாரிசுகள் சொத்தைப் பிரிக்கும் முன் அதைத் தீர்க்க வேண்டும்.

கணவரே தலாக் சொன்னால் மூன்று பவுனும் தந்தாக வேண்டும். தராவிட்டால் 1986 சட்டப்படி மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். மனைவி குலா கேட்டால் பெரும்பாலும் மஹரை விட்டுக்கொடுப்பதே நிபந்தனை. பிரிய விரும்புகிற கணவர்கள் சிலர், "நீயே குலா கேள்" என்று நெருக்குவதன் சூட்சுமம் இதுதான். (கையெழுத்து வாங்கும்போது யாரும் பவுன் கணக்கைப் பேசுவதில்லை!)

அப்படி வாங்கிய காகிதமும் போதாது. ஷரீஅத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்பு தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. ஆனாலும் சேலம், நாமக்கல் பக்கம் அந்தச் சான்றிதழை நம்பி மறுமணம் பேச வருகிறார்கள்.

பதிவேட்டில் "மஹர்: ரொக்கம்" என்று மட்டும் எழுதினால் பாக்கியை நிரூபிப்பது கடினம். தந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று எழுதி, பெண் வீட்டாருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

- ஒரு வாசகர், கோட்டை, சேலம்